ஜனவரில ஊட்டிக்கு பைக்ல: விரலு, சோக்கு, நிழல் வளைவு

"அண்ணா, பொங்கல் லீவுக்கு கோயம்புத்தூர்ல இருந்து ஊட்டிக்கு ரெண்டு பேரு ஒரே பைக்ல போறோம், 150 சிசி, பழைய கார்புரேட்டர் வண்டி. விடியக்காலைல நாலு மணிக்கு கிளம்புற பிளான். போன வருஷம் போனப்ப கேத்தி தாண்டுறதுக்குள்ள விரலு மரத்துப்போய் பிரேக்கே புடிக்க முடியல, மறுநாள் காலைல வண்டியும் ஸ்டார்ட் ஆகல, இறங்கும்போது ஒரு வளைவுல பின் டயர் வழுக்கிருச்சு. இந்த தடவ நல்ல கிளவுஸ் வாங்கினா போதுமா? வேற என்ன வாங்கணும்?"

தம்பி, கிளவுஸ் கடைசில வாங்கலாம். நான் குன்னூர்க்காரன், வேலை ஊட்டில, எட்டு வருஷமா தினமும் வெலிங்டன், அருவங்காடு, எல்லநள்ளி, கேத்தி, லவ்டேல்னு அதே ரோட்டுல தான் போய் வந்துட்டு இருக்கேன், அதனால நீ சொன்ன மூணுமே எனக்கும் நடந்திருக்கு. மூணுலயும் பாதி உன்னோட நாலு மணி பிளான்ல இருந்து வருது, அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும், அப்ப கீழ 20 டிகிரி இருந்தா மேல 7, 8 இருக்கணும்னு கணக்கு வரும். ஆனா ஜனவரில மேகம் இல்லாத, காத்து அடிக்காத ராத்திரில இந்தக் கணக்கு எடுபடாது. தரைல இருக்குற சூடு பூரா வானத்துக்குப் போயிரும், குளுந்த காத்து கனம் ஜாஸ்திங்குறதால தண்ணி மாதிரி சரிவுல இறங்கி பள்ளத்துல போய் தேங்கிரும். அதனால தான் தொட்டபெட்டா உச்சிய விட தலைகுந்தா, காந்தல், ரேஸ் கோர்ஸ் மாதிரி பள்ளமான இடத்துல புல்லு மேல வெள்ளையா உறைபனி புடிக்குது, அங்கெல்லாம் ஜீரோ வரைக்கும் போகும், சில நாள் அதுக்கும் கீழ போகும். இந்தக் குளிரு உச்சத்துக்கு வர்றது நடுராத்திரில இல்ல, சூரியன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அஞ்சரைல இருந்து ஆறரை மணிக்குள்ள. நீ நாலு மணிக்கு கோயம்புத்தூர்ல கிளம்பினா கரெக்டா அந்த நேரத்துக்கு தான் கேத்தி பக்கம் போய் நிப்ப. போன வருஷம் விரலு மரத்ததுல ஆச்சரியமே இல்ல.

அதுக்கு மேல வண்டி ஓடுற காத்து வேற. வெளிய 5 டிகிரி இருக்கும்போது 40ல போனா மூடாத தோலுக்கு அது மைனஸ் 1 மாதிரி தெரியும், 60ல போனா மைனஸ் 2. இதுல ஒண்ணு கவனி, 60ல இருந்து 40க்கு குறைச்சா ஒரு டிகிரி தான் மிச்சம், அதனால மெதுவா போனா குளிராதுன்னு நினைக்காத, நேரம் தான் கூடும். காத்த நிறுத்தணும், அது ஒண்ணு தான் வழி.

சரி, விரலுக்கு வர்றேன். எல்லாரும் விரலு குளுருதுன்னா விரலுக்கு தான் எதையாவது மாட்டுறாங்க. நானும் முதல் ரெண்டு வருஷம் தடி தடியா கிளவுஸ் மாத்தி மாத்தி வாங்கினேன், ஒண்ணும் உருப்படியா இல்ல. அப்புறம் ஒரு நாள் அவசரத்துல ஸ்வெட்டருக்கு மேல ரெயின் கோட்ட போட்டுட்டு, கழுத்துல அம்மாவோட மப்ளர சுத்திட்டு, கைல அதே பழைய கிளவுஸோட போனேன், ஆச்சரியமா விரலு லவ்டேல் வரைக்கும் உயிரோட இருந்துச்சு. காரணம் இது தான்: நெஞ்சும் வயிறும் சூடு குறையுதுன்னு தெரிஞ்சதும் உடம்பு முதல்ல செலவக் குறைக்கிறது கை கால் விரல்ல தான், அங்க போற ரத்தக் குழாய சுருக்கிரும், ஏன்னா உள்ள இருக்குற இதயமும் ஈரலும் தான் அதுக்கு முக்கியம். ரத்தமே வராத விரலுக்கு எவ்வளவு தடியா கிளவுஸ் போட்டாலும் அது சூட்ட காப்பாத்த தான் செய்யும், உண்டாக்காது. நெஞ்சு, கழுத்து, மணிக்கட்டு இந்த மூணையும் காத்து படாம மூடினா விரலுக்கு ரத்தம் தானா வரும். கழுத்தும் மணிக்கட்டும் ஏன்னா அங்க பெரிய ரத்தக் குழாய் தோலுக்கு பக்கத்துலயே ஓடுது, ஜாக்கெட் கைக்கும் கிளவுஸுக்கும் நடுவுல ஒரு இஞ்ச் கேப் இருந்தா கூட அந்த வழியா போற ரத்தம் குளுந்து தான் விரலுக்குப் போய் சேரும்.

அதனால நீ வாங்க வேண்டியது இந்த வரிசைல. முதல்ல உள்ள போட ஒரு தெர்மல், மேல கீழ ரெண்டும், பாலியஸ்டர்ல வர்றது. காட்டன் பனியன் வேண்டவே வேண்டாம், இது நிறைய பேருக்கு புரியறதில்ல. மேட்டுப்பாளையத்துல எல்லாத்தையும் மாட்டிட்டு கிளம்புவீங்க, கல்லாறு தாண்டினதும் 14 கொண்டை ஊசி வளைவு தொடங்கும், வண்டிய திருப்பி திருப்பி வேர்த்துரும், அந்த வேர்வைய காட்டன் குடிச்சு வெச்சுக்கும், குன்னூர் தாண்டினதும் அதே ஈரம் ஐஸ் துணி சுத்தின மாதிரி ஆயிரும். பாலியஸ்டர் ஈரத்த வெளிய தள்ளிரும். இன்னும் சுலபமான வழி, கீழ சாதா சட்டை மட்டும் போட்டுட்டு ஏறு, ஸ்வெட்டரு மத்ததெல்லாம் பைல இருக்கட்டும், குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிக்கும்போது மாத்திக்கோ. குளுர ஆரம்பிச்ச அப்புறம் மாட்டினா ஏற்கெனவே போன சூடு திரும்ப அரை மணி நேரம் புடிக்கும், அதனால குளுரறதுக்கு முன்னாடியே மாட்டிரணும்.

நடுவுல ஒரு ஃப்ளீஸ் இல்லாட்டி கம்பளி ஸ்வெட்டர். ஊட்டில பொட்டானிக்கல் கார்டன் பக்கம் திபெத்தியன் மார்க்கெட்ல நல்லதாவே கிடைக்கும், ஆனா அங்க வாங்கணும்னா நீ முதல்ல அங்க போய் சேரணும், அதனால வீட்டுல இருக்குறத எடுத்துக்கோ. ஸ்வெட்டர் காத்த நிறுத்தாது, பின்னலு பூரா ஓட்டை தான, வண்டி 40ல போனா ஸ்வெட்டர் போடாத மாதிரி தான் இருக்கும். அதுக்கு மேல காத்து புகாத ஒண்ணு வேணும், அதுக்கு உன்கிட்ட இருக்குற ரெயின் கோட்டே போதும், பேண்டோட சேத்து. எட்டாயிரம் ரூபா ஜாக்கெட்டுக்கு மேல நான் 900 ரூபா ரெயின் சூட்ட தான் நம்புறேன், சொன்னா ஷோரூம்காரங்க சிரிப்பாங்க. ஆனா ஒண்ணு, மெஷ் ஜாக்கெட் வெச்சிருந்தா அது விழுந்தா காப்பாத்துற பேடுக்காக உள்ள இருக்கட்டும், அதுக்கு மேல ரெயின் கோட்டு. எதுவுமே இல்லாம மாட்டிக்கிட்டா பேப்பர் கடைல நியூஸ் பேப்பர் வாங்கி நாலா மடிச்சு சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவுல நெஞ்சுல வெச்சுக்கோ, எங்க அப்பா காலத்துல இருந்து இங்க பால் ஊத்துறவங்க பண்றது தான், வேலை செய்யும்.

முட்டிக்கும் கவனம் வேணும், ஜீன்ஸ் காத்த விடும், நேரா காத்து அடிக்குற இடம் முட்டி தான். ரெயின் பேண்ட் போட்டா தீந்துச்சு. சாக்ஸ் ரெண்டு போடுறேன்னு ஷூவ டைட் பண்ணிராத, இறுக்கினா ரத்தம் போகாது, ஒண்ணு தடியா போதும். கிளவுஸுக்கும் இதே தான், கடைல போட்டுப் பாக்கும்போது கச்சிதமா புடிக்கிறத வாங்காம, விரல மடக்கினா நுனில அழுத்தாததா வாங்கு. உள்ள மெல்லிசா ஒரு லைனர், மேல காத்து புகாத கிளவுஸ், கஃப் நீளமா இருந்து ஜாக்கெட் கைக்கு மேல ஏறணும். மெடிக்கல்ல கிடைக்குற நைட்ரைல் கிளவுஸ லைனருக்கும் மேல கிளவுஸுக்கும் நடுவுல போடலாம், காத்தையும் ஈரத்தையும் அங்கயே நிறுத்திரும், ஒரு மணி நேரத்துல உள்ள லேசா வேர்க்கும், அதனால குன்னூர்ல இருந்து ஊட்டி வரைக்கும் மட்டும்னு வெச்சுக்கோ. ஹீட்டட் கிரிப்ப பத்தி யாராவது சொல்லுவாங்க, நல்ல சாமான் தான், ஆனா அது ஹெட்லைட் அளவுக்கு கரண்ட் குடிக்கும், உன்னோட 150 சிசி வண்டி கொண்டை ஊசில ரெண்டாவது கியர்ல மெதுவா போகும்போது சார்ஜிங் குறைவு, பேட்டரி இறங்கி மறுநாள் காலைல செல்ஃப் அடிக்காது. அத விட ஹேண்டில் பார்ல மாட்டுற ஹேண்ட் கார்டு மலிவு, காத்த நேரா கைல படாம திருப்பிரும்.

இப்ப முக்கியமானது, மரக்க ஆரம்பிக்கிறத எப்படி கண்டுபுடிக்கிறது. முதல்ல வலிக்கும், அது நல்லது, ரத்தம் இன்னும் வருதுன்னு அர்த்தம். வலி நின்னு பஞ்சு மாதிரி ஆச்சுன்னா தான் ஆபத்து, அந்தக் கட்டத்துல உனக்கு பழகிருச்சுன்னு தோணும், பழகல, நரம்பு வேலை செய்யல. ரோட்டோரம் நிறுத்தி கிளவுஸோட கட்டை விரலால சுண்டு விரல தொட்டுப் பாரு, தொட முடியலன்னா இல்ல மெதுவா தடுமாறி தான் தொடுதுன்னா உன்னால பிரேக்க அளவா புடிக்க முடியாது. அளவா புடிக்கிறது தான் இந்த ரோட்டுல விஷயமே, மொத்தமா புடிச்சா சக்கரம் லாக் ஆகி விழுவ, புடிக்கலன்னா முன்னாடி பஸ்சு. பில்லியன்ல இருக்குறவரையும் இதே பண்ணச் சொல்லு, பின்னாடி உக்காந்தவரு விரலு கால் எதையும் அசைக்கிறதில்ல, உன்ன விட சீக்கிரம் மரத்துரும், ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. முடிஞ்சா குன்னூர்ல ஆள் மாத்திக்கோங்க.

மரத்துப்போனா சைலன்சர்லயோ இஞ்சின்லயோ கைய வெக்காத. எங்க தெரு பையன் ஒருத்தன் அப்படி வெச்சு உணர்வே இல்லாம தோலு பொசுங்கின அப்புறம் தான் தெரிஞ்சுது, ரெண்டு வாரம் கட்டுப் போட்டுட்டுத் திரிஞ்சான். கைய அக்குள்ல வெச்சு பத்து நிமிஷம் நில்லு, இல்லாட்டி கைய தோளுல இருந்து வட்டமா இருபது முப்பது தடவ வேகமா சுத்து, ரத்தம் விரல் நுனிக்கு தள்ளிட்டு போயிரும். திரும்ப உணர்வு வரும்போது ஊசி குத்துற மாதிரி வலிக்கும், அது முடியற வரைக்கும் வண்டிய எடுக்காத. டீ குடிக்கலாம், கிளாஸ் புடிச்சிருக்கறதே பாதி வேலை. சரக்கு அடிச்சா சூடு ஏறுதுன்னு தோணும், தோலுக்கு ரத்தம் வந்து உள்ள இருக்குற சூட்டக் கொட்டிரும், அப்புறம் முன்னைவிட மோசமா குளுரும், மலை ரோட்டுல அது வேண்டாம்னு தனியா நான் சொல்லணுமா. விரலு வெள்ளையா, நீலமா மாறி மாறி வர்ற பழக்கம் வீட்டுல யாருக்காவது இருந்தா டாக்டர்கிட்ட ஒரு தடவ கேட்டுட்டு கிளம்பு.

வண்டி ஸ்டார்ட் ஆகாதது. இங்க ரெண்டு விஷயம் ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்கு, அதனால தான் கோயம்புத்தூர்க்காரங்க நிறைய பேரு கன்ஃப்யூஸ் ஆகுறாங்க. குளிருல பெட்ரோல் ஆவியாகாது, சிலிண்டர் சுவத்துல ஒட்டிரும், அதனால கலவைல பெட்ரோல் ஜாஸ்தியா வேணும், அதுக்கு தான் சோக். ஆனா ஊட்டி உயரத்துல காத்தோட அழுத்தமும் அடர்த்தியும் கீழ இருக்குறதுல இருந்து அஞ்சுல ஒரு பங்கு குறைவு, கார்புரேட்டருக்கு அது தெரியாது, அது கீழ செட் பண்ணின அளவுக்கே பெட்ரோல விடும், அப்ப கலவை ஏற்கெனவே பெட்ரோல் ஜாஸ்தியாத்தான் இருக்கும். அதனால முழு சோக்க இழுத்து அஞ்சு நிமிஷம் உதைச்சுட்டே இருந்தா பிளக் நனைஞ்சுரும். நீ போன வருஷம் என்ன பண்ணினன்னு எனக்கு இப்பவே தெரியும், ஆக்ஸிலேட்டர முறுக்கிட்டே உதைச்சிருப்ப. இந்த வண்டிங்கள்ல சோக் வேலை செய்யுறது ஆக்ஸிலேட்டர் மூடி இருக்கும்போது தான், இஞ்சின் இழுக்குற வெற்றிடம் அந்த சின்ன ஓட்டை வழியா பெட்ரோல உறிஞ்சும், நீ முறுக்கினா அந்த இழுப்பு போயிரும்.

அதனால இப்படி பண்ணு. பெட்ரோல் டேப்ப திற, சாவி போடாம நாலஞ்சு தடவ மெதுவா உதை, ராத்திரி பூரா கெட்டியா கெடந்த ஆயில் அசைஞ்சு இஞ்சின் லேசாகும். சோக்க முழுசா இழு, ஆக்ஸிலேட்டர தொடாத, சாவி போட்டு நல்ல அழுத்தமா உதை. அஞ்சாறு உதைல புடிக்கணும். புடிச்சதும் அரை நிமிஷம் விடு, சோக்க பாதியா தள்ளு, ஒரு நிமிஷத்துக்குள்ள இஞ்சின் நிக்காம ஓடினா முழுசா தள்ளிரு. சோக்கோட கிளம்பி கேத்தி வரைக்கும் போற ஆளுங்கள பாத்திருக்கேன், கறுப்பு புகையோட வண்டி இழுக்கவே இழுக்காது, அவங்க மெக்கானிக்க திட்டுவாங்க. ஆறு உதைக்கு புடிக்கலன்னா நிறுத்திட்டு மோந்து பாரு. பெட்ரோல் வாடை வந்தா பெட்ரோல் ஜாஸ்தியா போய் பிளக் நனைஞ்சிருச்சு, சோக்க உள்ள தள்ளு, இப்ப மட்டும் ஆக்ஸிலேட்டர முழுசா முறுக்கி வெச்சுட்டு ஏழெட்டு உதை, காத்து உள்ள போய் காய்ஞ்சுரும். அப்பவும் இல்லன்னா பிளக்க கழட்டி தொடச்சுப் போடு, பிளக் ஸ்பேனர் இல்லாம இந்த வண்டில மலை ஏறாத. வாடையே வரலன்னா பெட்ரோலே வரல, டேப்பயும் டியூபயும் பாரு.

செல்ஃப் மட்டும் நம்பி வர்ற ஆளுங்களுக்கு பேட்டரி தான் தலைவலி. குளிருல பேட்டரி குடுக்குற சக்தி குறையும், அதே நேரம் ஆயில் கெட்டியானதால இஞ்சினுக்கு ஜாஸ்தி சக்தி வேணும், வயசான பேட்டரி ரெண்டுக்கும் நடுவுல செத்துரும். கிளம்புற வாரம் ஒரு கடைல மல்டிமீட்டர வெச்சுப் பாரு, ராத்திரி நிறுத்தி வெச்ச பேட்டரில 12.6 வோல்ட் இருந்தா நிம்மதி, 12.2 கிட்ட இருந்தா ஊட்டில ஒரு காலைக்கு தாங்குமான்னு சந்தேகம். செல்ஃப் அடிக்கும்போது விட்டு விட்டு அஞ்சு செகண்ட் அடி, நடுவுல பத்து செகண்ட் விடு. தள்ளி ஸ்டார்ட் பண்றதும் உன் கார்புரேட்டர் வண்டில நல்லாவே வேலை செய்யும், ரெண்டாவது கியர்ல, ஊட்டில இறக்கத்துக்கு பஞ்சமா என்ன. இப்ப வர்ற எஃப்ஐ வண்டில பேட்டரி சுத்தமா செத்திருந்தா பெட்ரோல் பம்பே ஓடாது, எவ்வளவு தள்ளினாலும் வராது. அந்த வண்டிகள்ல சோக்கும் கெடையாது, இஞ்சின் சூட்ட அளக்குற சென்சார் பாத்து கம்ப்யூட்டரே பெட்ரோல கூட்டிரும், ஆக்ஸிலேட்டர தொடாம பட்டன அமுத்தினா போதும்.

ஆயில் விஷயம், டப்பால 20டபிள்யூ-40ன்னு போட்டிருந்தா, டபிள்யூக்கு முன்னாடி இருக்குற நம்பர் தான் குளிருல எவ்வளவு கெட்டியாகும்னு சொல்றது, 10டபிள்யூ-30 குளிருல சீக்கிரம் ஓடும். ஆனா ஒரு ட்ரிப்புக்காக மேனுவல்ல சொல்லாத ஆயில மாத்தாத, ஜீரோ டிகிரிக்கு ரெண்டுமே சமாளிச்சுரும். அதுக்கு பதிலா ராத்திரி வண்டிய எங்க விடுறங்குறத பாரு. ஷெட்டுக்கு கீழயோ மரத்துக்கு கீழயோ விட்டா உறைபனி புடிக்காது, திறந்த வானத்துக்கு கீழ தான் சூடு மேல போயி சீட்டு மேல வெள்ளையா படியும். லாட்ஜ் கேரேஜ் இல்லாட்டி கவர் போடு, அதுவும் இல்லாட்டி ரெயின் கோட்ட சீட்டுலயும் மீட்டர்லயும் போத்தி கட்டு. ஸ்டார்ட் ஆனதும் முறுக்கி முறுக்கி சூடு பண்ணாத, ஒரு நிமிஷம் விட்டு கிளம்பி முதல் ரெண்டு கிலோமீட்டர் மெதுவா ஓட்டு, ஆயில் எல்லா இடத்துக்கும் போற நேரம். முதல் கியர் போடும்போது டொங்குன்னு குதிச்சா பயப்படாத, கிளட்ச் பிளேட்டு குளிருல ஒட்டியிருக்கும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே கியர்ல போட்டு, கிளட்ச்ச புடிச்சுட்டு முன்ன பின்ன ஒரு தடவ உருட்டிட்டு நியூட்ரலுக்கு வந்துரு.

வழுக்கினது. நீ எந்த வளைவுன்னு சொல்லல, ஆனா பின் டயர்னு சொன்னதால பெரும்பாலும் நிழல் வளைவுல பின் பிரேக்க மிதிச்சிருப்ப. இங்க ரோட்டுல உறைபனி அபூர்வம், தார் பகல்ல வாங்கின சூட்ட கொஞ்சம் வெச்சிருக்கும், புல்லுல தான் முதல்ல புடிக்கும். பயப்பட வேண்டியது அது உருகுன அப்புறம். எட்டு மணி வாக்குல புல்லு, மரம் எல்லாத்துலயும் இருக்குற பனி சொட்டி ரோட்டுக்கு வரும், வெயில் படுற இடம் அஞ்சு நிமிஷத்துல காயும், வளைவோட உள்பக்கம் மலைச் சுவரு நிழல்ல இருக்குறது பத்து மணி வரைக்கும் காயாது, சில இடத்துல பாசி வேற. காஞ்ச ரோட்டுல இருந்து வளைவுக்குள்ள நுழையும்போது திடீர்னு ஈரம், அங்க தான் விழுறது. அதோட கற்பூர மரத்து இலை, பைன் மரத்து ஊசி இலை ஈரத்துல சோப்பு மாதிரி. கேத்தி, முத்தோரை பக்கம் இருந்து கேரட் கழுவி ஏத்துன லாரி தண்ணி சொட்ட சொட்ட போகும், ரோட்டுல ஒரு ஈரக் கோடு நீளமா போனா முன்னாடி லாரி இருக்குன்னு அர்த்தம், சேறும் சேந்து விழும். கொண்டை ஊசில டேங்கு நிரம்புன லாரி டீசல் சிந்தும், ஈரத்துல அது வானவில் கலர்ல மின்னும், எனக்கு மூணாவது வருஷம் தோள்பட்டை இறங்கினது அதுல தான், ஒரே செகண்ட், நான் எதுவும் தப்பு பண்ணலன்னு இன்னைக்கும் நினைக்கிறேன், ஆனா விழுந்தது நான் தான்.

உறைஞ்ச ரோட்ட கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு. முன்னாடி போற காரோட டயர பாரு, ரோடு கறுப்பா மின்னுது, ஆனா டயர் தண்ணியே தெறிக்கலன்னா அது தண்ணி இல்ல. தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் பள்ளத்துல, சின்ன பாலத்து மேல விடியக்காலைல வரலாம். அங்க பிரேக்கயும் தொடாத, ஆக்ஸிலேட்டரயும் மாத்தாத, நேரா உருள விடு.

டயர் காத்த குறைச்சா கிரிப்பு கூடும்னு யாராவது சொன்னா கேக்காத. இதுல வேடிக்கையா ஒரு கணக்கு இருக்கு. கீழ மேட்டுப்பாளையத்துல 28 டிகிரில 28 பி.எஸ்.ஐ. அடிச்சுட்டு மேல 3 டிகிரிக்கு வந்தா குளிருனால சுமார் மூணரை பி.எஸ்.ஐ. குறையும், ஆனா வெளிய இருக்குற காத்து அழுத்தமும் சுமார் மூணு குறைஞ்சுரும், அதனால கேஜ்ல பாத்தா 27 சொச்சம் காட்டும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு சரி பண்ணிரும், நீ தொடவே தேவையில்ல. கம்பெனி சொன்ன அளவு, ரெண்டு பேருன்னா ரெண்டு பேருக்கு சொன்ன அளவு, கீழயே அடிச்சுட்டு மறந்துரு. டயர் பட்டன் தேய்ஞ்சிருந்தா தான் காசு செலவு பண்ணு.

ஓட்டுற முறை. காலைல முதல் பிரேக்க நம்பாத, டிஸ்க் மேல பனி ஈரமும் மெல்லிசு துருவும் இருக்கும், லாட்ஜ் வாசல்லயே உருட்டிட்டு ரெண்டு தடவ மெதுவா புடிச்சு துடைச்சுரு. இறங்கும்போது ஏறின கியர் தான், ரெண்டாவது, சில இடத்துல முதல், இஞ்சின் தான் வேகத்த புடிக்கணும், பிரேக்கு வளைவுக்கு முன்னாடி நேரா இருக்கும்போதே முடிஞ்சுரணும். வண்டி சாஞ்ச அப்புறம் பின் பிரேக்க மிதிச்சா உன்ன மாதிரி தான் வால் ஆடும். நியூட்ரல்ல இறங்குறது, இஞ்சின ஆஃப் பண்ணிட்டு இறங்குறது ரெண்டும் பெட்ரோல் மிச்சம் பண்ற கதை, டிரம் பிரேக்கு சூடாகி லிவர் பஞ்சு மாதிரி போகும், அப்ப முடிஞ்சுது. கொண்டை ஊசில ஏறி வர்ற வண்டிக்கு வழி விடு, நீ இறங்குற ஆளு, நீ நின்னு எடுக்கலாம், லோடு லாரிக்கு நின்னா எடுக்க முடியாது. மூடுபனி வந்தா ஹை பீம் போடாத, வெள்ளை சுவரு தான் தெரியும், வைசரு உள்ள புகை புடிச்சா அத கொஞ்சமா திறந்து வெச்சுக்கோ, முந்தின ராத்திரி உள்பக்கம் ஒரு துளி பாத்திரம் தேய்க்கிற சோப்ப தேச்சு காஞ்ச துணில துடைச்சு வெச்சா ஒரு நாளைக்கு தாங்கும்.

இப்ப உன் பிளான இப்படி மாத்து. ஆறரைக்கு கோயம்புத்தூர்ல கிளம்பு, கல்லாறு பர்லியார் பக்கம் இருட்டுல யானை நிக்கும், அதுக்கும் நல்லது. மேட்டுப்பாளையத்துல டிபன், சாதா சட்டையோட ஏறு, ஒன்பதரை வாக்குல குன்னூர், அங்க தெர்மல், ஸ்வெட்டர், ரெயின் சூட், மப்ளர் எல்லாம் மாட்டிக்கோ. எல்லநள்ளில நிறுத்தி கட்டை விரல் சோதனை ஒரு தடவ. பத்தரை பதினொண்ணுக்கு ஊட்டி, ரோடு காஞ்சிருக்கும். மறுநாள் உறைபனி புல்ல பாக்கணும்னா தாராளமா பாரு, ஆனா நடந்து போய் பாரு, இல்ல ஆட்டோ புடி. இறங்குறத ஒன்பதரைக்கு மேல வெச்சுக்கோ, வானம் தெளிவா இருந்து காத்தும் இல்லாத ராத்திரியா இருந்திருந்தா பத்துன்னே வெச்சுக்கோ, மேகமா இருந்தா உறைபனி இருக்காது, ஈரம் தான், எட்டரைக்கே கிளம்பலாம். இறங்கும்போது பர்லியார் தாண்டினதும் ரெயின் சூட்ட கழட்டிரு, கல்லாறு வெக்கைல வேர்த்து கண்ணுல ஒழுகும், பிரேக் லைனிங்கும் அங்க ஒரு தடவ ஆறட்டும், பத்து நிமிஷம் நிறுத்தி எளநி குடிச்சுட்டு போங்க.